87 சதவீதம் என்று சொன்ன பெட்டி

போன தைப்பூசத்தை ஒட்டி எங்கள் பகுதியில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி வைத்தோம். தலைப்பு, 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு. வடலூரிலும் நெய்வேலியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து 40 கட்டுரைகள் வந்தன. திருத்தும் வேலை எனக்கும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கும். பரிசு பெரிதொன்றும் இல்லை, புத்தகமும் சான்றிதழும்தான். ஆனால் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது பெரிது.

பாதி திருத்தியபோது தலைமையாசிரியர் ஒரு கட்டுரையைத் தனியே எடுத்து வைத்தார். "சார், இது கம்ப்யூட்டர் எழுதினதுங்க. இவ்வளவு வழவழன்னு இந்தப் பொண்ணு எழுத மாட்டா" என்றார். எழுதியவள் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் பெண். இதற்கென்றே இணையத்தில் இலவசக் கண்டுபிடிப்பான்கள் இருக்கின்றன, கட்டுரையை ஒட்டினால் மனிதர் எழுதியதா, சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லிவிடும் என்று அவருடைய பேரன் சொல்லியிருந்தானாம். என் வீட்டு மடிக்கணினியில் திறந்தோம். கட்டுரையை ஒட்டினேன். சிவப்பு வட்டத்தில் 87 சதவீதம் என்று வந்தது.

தலைமையாசிரியர் நிம்மதியாக மூச்சு விட்டார். நானும் அந்தக் கட்டுரையை "நிராகரிக்கப்பட்டவை" என்று எழுதிய உறைக்குள் வைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்கு என் பழைய தொழில்தான் காரணம்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். தணிக்கைக்காரர்கள் ஆண்டுதோறும் வருவார்கள். ஒரு பட்டியலில் தொகை இடிக்கிறது என்றால் தணிக்கைக் குறிப்பு ஒன்று கொடுப்பார்கள். அந்தக் குறிப்பை வைத்து யாரும் யாருடைய சம்பளத்தையும் பிடித்ததில்லை. விளக்கம் கேட்க வேண்டும், பதிலைப் படிக்க வேண்டும், அதன் பிறகுதான் எந்த நடவடிக்கையும். நாங்கள் செய்தது என்ன? குறிப்பு வந்த அரை நிமிடத்தில் தண்டனை கொடுத்துவிட்டோம். அதுவும் அந்தக் குறிப்பை எழுதிய பெட்டி எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாமல்.

மறுநாளிலிருந்து சில வாரங்கள் இதைப் பற்றிப் படித்தேன், வீட்டில் சோதனையும் செய்தேன். என் வயதில் உள்ளவர்கள் பலர் இன்று பேரப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையோ, கோயில் மலருக்கு வந்த கட்டுரையையோ, வாட்ஸ்அப்பில் வந்த இரங்கல் கவிதையையோ இந்தப் பெட்டியில் ஒட்டிப் பார்க்கிறார்கள். முதல் முறை ஒட்டுபவர் எங்கே வழுக்கி விழுவார் என்பதை நான் விழுந்த இடங்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில், இது எதை அளக்கிறது? நான் நினைத்தது போல, இயந்திரம் எழுதியதை எல்லாம் ஒரு பெரிய பேரேட்டில் பதிந்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இது ஊகம் செய்கிறது. "தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி" என்று நான் நிறுத்தினால், அடுத்த சொல் என்ன? "தரிசனம்" என்று நம் ஊரில் குழந்தை கூடச் சொல்லும். நான் "ஜோதி பார்க்க வந்து செருப்பைத் தொலைத்தவர்" என்று எழுதினால் அதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. கண்டுபிடிப்பான் ஒவ்வொரு சொல்லிலும் இப்படி ஊகித்துக்கொண்டே போகிறது. அதன் ஊகம் அடிக்கடி பலித்தால் "இயந்திரம்" என்ற பக்கம் தட்டு தாழும். வாக்கியங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளமாக இருந்தாலும் அப்படியே. இயந்திரம் எழுதும்போது அடிக்கடி எதிர்பார்த்த சொல்லையே போடும் என்பதுதான் இதன் அடிப்படை. புதிய கண்டுபிடிப்பான்கள் இரு வகை எழுத்தையும் ஏராளமாகக் காட்டிப் பழக்கப்பட்டவை. அவையும் அறிந்து சொல்வதில்லை, சாயலை வைத்துத்தான் சொல்கின்றன.

இது புரிந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எதிர்பார்த்த சொல்லையே போடுவது இயந்திரம் மட்டும்தானா? என் பழைய கோப்புகளில் இருந்து 1991-இல் நான் தட்டச்சு செய்த ஓர் ஆங்கிலக் கடிதத்தின் நகலை எடுத்தேன். "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர் சைட்டட், ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்" என்று தொடங்கும் இரண்டு பக்கக் கடிதம். அப்படியே கணினியில் அடித்து அதே பெட்டியில் ஒட்டினேன். 74 சதவீதம் இயந்திரம் என்றது. 1991-இல் எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரே இயந்திரம் தட்டச்சுப் பொறி.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் வருத்தமும் வந்தது. ஆனால் பெட்டி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அலுவலகக் கடிதம் என்பதே எதிர்பார்த்த சொல்லை எதிர்பார்த்த இடத்தில் போடும் கலை. அதில் எழுத்தருடைய சொந்தச் சொல் ஒன்று நுழைந்தால் மேலாளர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

அந்நிய மொழியில் எழுதுபவர்களும் இப்படித்தான். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கடிதம் முடிக்கும்போது, "ஐயா, என் உயர்ந்த மதிப்பின் வெளிப்பாட்டை ஏற்றருள வேண்டுகிறேன்" என்று பொருள்படும் ஒரு நீண்ட வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் எழுதப் பழக்கினார்கள். வகுப்பில் அத்தனை பேர் கடிதமும் அதே வரியில்தான் முடியும். அந்நிய மொழியில் நமக்குத் தெரிந்த சொற்கள் குறைவு. பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில், சரியென்று உறுதியாகத் தெரிந்த சொல்லையே பிடித்துக்கொள்வோம். அதனால் எழுத்து வழவழப்பாகவும் எதிர்பார்த்தபடியும் வரும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் கொடுத்தார்கள். எல்லாமே மனிதர் எழுதியவை. சராசரியாகப் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 61 சதவீதம், இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொல்லப்பட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை அதே பெட்டிகள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டன. அதாவது எங்கள் போட்டியில் கலந்துகொண்ட பிள்ளைகள் எந்த வகையைச் சேர்ந்தவர்களோ, அந்த வகையிடம்தான் இந்தப் பெட்டி அதிகம் தவறியிருக்கிறது. அதன் பிறகு பெட்டிகளைத் திருத்தி வருகிறார்கள். ஆனால் இலவசப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது, அது எவ்வளவு திருந்தியது என்பது நமக்குத் தெரியாது.

ஆகவே நான் சொல்லும் முதல் படி, சந்தேகப்படும் எழுத்தை ஒட்டுவதற்கு முன் தராசைச் சோதியுங்கள் என்பது. கடைக்காரர் தராசில் படிக்கல்லை வைத்துப் பார்ப்பது போல, விடை நமக்குத் தெரிந்த எழுத்தை ஒட்டிப் பாருங்கள். சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது 2022 நவம்பர் கடைசியில். அதற்கு முன் நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ எழுதியது நல்ல படிக்கல். சந்தேகப்படும் எழுத்து எந்த வகையோ அதே வகையாக இருக்க வேண்டும். மாணவர் கட்டுரையைச் சோதிக்க மாணவர் எழுதிய பழைய கட்டுரைதான் படிக்கல், செய்தித்தாள் தலையங்கம் அல்ல. அப்படி நான்கைந்து ஒட்டிப் பார்த்து, அவற்றில் ஒன்றையாவது பெட்டி "இயந்திரம்" என்று சொன்னால், அந்த வகை எழுத்துக்கு அந்தப் பெட்டியை மூடிவிடுவது நல்லது.

இரண்டாவது, மொழி. தமிழ் எழுத்தை ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒட்டலாம், பெட்டியும் ஏதோ ஒரு சதவீதம் சொல்லும். அங்கேதான் ஆபத்து. "எனக்குத் தமிழ் தெரியாது" என்று அது சொல்லாது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை முதலில் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. அதை ஆங்கிலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், பிற மொழிகளில் மிக மோசமாக வேலை செய்யும், ஆயிரம் எழுத்துக்குக் குறைவாக இருந்தால் நம்பவே வேண்டாம் என்று அவர்களே எழுதி வைத்தார்கள். அந்த நேர்மையை எல்லா இலவசப் பக்கங்களிலும் எதிர்பார்க்க முடியாது. எந்தெந்த மொழிக்கு என்று பக்கத்தில் தேடிப் பாருங்கள். தமிழின் பெயர் இல்லையென்றால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. பெயர் இருந்தாலும் படிக்கல் சோதனையைச் செய்துவிட்டே நம்புங்கள்.

ஆயிரம் எழுத்து என்பதிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து. த ஒன்று, ம ஒன்று, அதன் மேல்விலங்கு ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. ஆகவே "ஆயிரம் எழுத்து தாண்டிவிட்டது" என்று பெட்டி காட்டினாலும், உண்மையில் அதைவிட மிகக் குறைவாகத்தான் ஒட்டியிருப்போம். எழுத்தை எண்ணாமல் சொல்லை எண்ணுங்கள். முந்நூறு சொல்லுக்குக் குறைந்த எதையும் நான் இப்போது ஒட்டுவதில்லை. நான்கு வரி வாட்ஸ்அப் கவிதையை ஒட்டுவது வீண் வேலை.

பழைய கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. முன்பு டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய கட்டுரையை நகல் எடுத்து ஒட்டினால், பெட்டிக்குள் "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று விழும். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது வெறும் எழுத்துருவின் வேடம், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எனக்கு இது நடந்தது. என் பழைய கட்டுரை ஒன்றை ஒட்டி, "மனிதர் எழுதியது" என்று வந்ததும் மகிழ்ந்துபோனேன். பிறகுதான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், ஒரு வரி கூடத் தமிழ் இல்லை. கிறுக்கலை ஊகிக்க முடியவில்லை என்பதால் மனிதர் என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டியதும் முதலில் செய்ய வேண்டியது பொத்தானை அழுத்துவது அல்ல. ஒட்டியது அப்படியே வந்திருக்கிறதா என்று முதல் வரியும் கடைசி வரியும் படித்துப் பார்ப்பது. பிடிஎஃப் கோப்பில் இருந்து எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழும், பக்க எண்ணும் தலைப்பும் நடுவில் புகுந்துவிடும். அவற்றை நீக்க வேண்டும். கட்டுரையாளர் பிறருடையது என்று சொல்லி எடுத்துக்காட்டிய பகுதிகளையும் நீக்க வேண்டும்.

அப்படி நீக்கும்போதே, எழுதியவரின் பெயர், பள்ளி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் நீக்குங்கள். இலவசப் பக்கத்தில் ஒட்டிய எழுத்து எங்கோ ஒரு கணினிக்குப் போகிறது, அங்கே எத்தனை நாள் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. நான் முதல் முறை அந்தப் பெண்ணின் பெயர், வகுப்பு, பள்ளியோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. உயில், மனு, மருத்துவ அறிக்கை, ஆதார் எண் உள்ள எதுவும் அங்கே போகவே கூடாது. பக்கத்தில் பெரிதாகப் பச்சை நிறத்தில் "டவுன்லோட்" என்றோ "ஸ்டார்ட்" என்றோ மின்னுவது பெரும்பாலும் விளம்பரம். கண்டுபிடிப்பானின் பொத்தான் ஒட்டும் பெட்டிக்குக் கீழேயே இருக்கும். அதை மட்டும் அழுத்துங்கள். முடிவுக்குப் பக்கத்திலேயே, "இதை மனிதர் எழுதியது போல மாற்றித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் பக்கங்களும் உண்டு. பயமுறுத்தும் எண்ணும், அதற்கு மருந்தும் ஒரே கடையில் கிடைக்கும்போது எண்ணைக் கொஞ்சம் சந்தேகிப்பதில் தவறில்லை.

மூன்றாவது, அந்தச் சதவீதத்தைப் படிப்பது. 87 சதவீதம் என்றதும் நானும் தலைமையாசிரியரும் ஆளுக்கொரு பொருள் கொண்டோம். நூற்றுக்கு 87 வரிகளை இயந்திரம் எழுதியது, 13 வரிகளை அவள் எழுதினாள் என்று அவர் நினைத்தார். அவள் ஏமாற்றியிருக்க நூற்றுக்கு 87 வாய்ப்பு என்று நான் நினைத்தேன். பெட்டிக்குப் பெட்டி இது மாறுகிறது. சிலவற்றில் அது வாக்கியங்களின் பங்கு, சிலவற்றில் பெட்டி தன் ஊகத்தின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள், அதைப் படிக்க வேண்டும். கல்லூரிகளில் பேசப்படும் "பிளேஜியரிசம்" சதவீதம் இதோடு சேராத வேறொன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளில் பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை என்று இருப்பது, ஏற்கனவே வெளிவந்த எழுத்தோடு ஒத்திருப்பதைப் பற்றியது. அங்கே எந்த வரி எந்த நூலில் இருக்கிறது என்று காட்ட முடியும், நாம் போய்ச் சரிபார்க்கலாம். இங்கே சரிபார்க்க ஒன்றும் இல்லை. இந்த வேறுபாடு மிக முக்கியம்.

இப்போது எழுத்தர் மூளையோடு ஒரு கணக்குப் போடுவோம். ஓப்பன்ஏஐ தன் கண்டுபிடிப்பானைப் பற்றித் தானே வெளியிட்ட எண்கள் இவை. இயந்திரம் எழுதிய நூறு ஆங்கில எழுத்துகளில் 26-ஐ மட்டும் பிடித்தது. மனிதர் எழுதிய நூற்றில் 9-ஐத் தவறாக இயந்திரம் என்றது. எங்கள் 40 கட்டுரைகளில் 5 இயந்திரம் எழுதியவை, 35 பிள்ளைகள் எழுதியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் பிடிபடுவது ஒன்று. முப்பத்தைந்தில் தவறாக மாட்டுவது மூன்று. ஆக நான்கு பேர் குற்றவாளிக் கூண்டில், அவர்களில் மூன்று பேர் நிரபராதிகள். உண்மையில் இயந்திரத்தைப் பயன்படுத்திய நான்கு பேர் வெளியே நின்று கைதட்டிக்கொண்டிருப்பார்கள். துல்லியம் போதாது என்று சொல்லி அந்த நிறுவனம் 2023 ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இப்போதைய பெட்டிகள் அதைவிட மேல் என்கிறார்கள். இருக்கட்டும். நூற்றுக்கு ஒன்றுதான் தவறு என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இதே கணக்கைப் போட்டது. 2022-இல் அவர்களிடம் 75,000 கட்டுரைகள் வந்தன. நூற்றுக்கு ஒன்று என்றால் 750 கட்டுரைகள் மேல் தவறான பழி. 2023 ஆகஸ்டில் அந்தக் கருவியை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டிலும் ஒரு சட்டக் கல்வி மாணவரின் விடைத்தாளில் 88 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று சொல்லி ஜிந்தால் குளோபல் பல்கலைக்கழகம் தேர்ச்சி மறுத்தது. அவர் 2024-இல் பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவித்தது, வழக்கு முடித்து வைக்கப்பட்டது. சட்டம் படித்தவர் நீதிமன்றம் போனார். பதினோராம் வகுப்புப் பெண் எங்கே போவாள்?

ஒரு பெட்டி போதாது, மூன்றில் ஒட்டிப் பார்க்கலாமே என்பீர்கள். நானும் செய்தேன். அந்தப் பெண்ணின் கட்டுரைக்கு ஒன்று 87 என்றது, இன்னொன்று 40 என்றது, மூன்றாவது 12 என்றது. நம் மனம் என்ன செய்கிறது தெரியுமா? முன்பே சந்தேகப்பட்டவர் 87-ஐ எடுத்துக்கொள்வார், பாசம் உள்ளவர் 12-ஐ எடுத்துக்கொள்வார். வேண்டிய விடை வரும்வரை பெட்டி மாற்றுவது சோதனை ஆகாது. மூன்று மூன்று விதமாகச் சொன்னால் "தெரியவில்லை" என்பதுதான் விடை. மூன்றும் ஒன்றாகச் சொன்னாலும் முழு நிச்சயம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் ஏழு பெட்டிகளும் ஒரே குரலில் தவறாகச் சொன்ன கட்டுரைகள் 91-இல் 18.

அரட்டைப் பெட்டியிடமே "இதை நீ எழுதினாயா" என்று கேட்பது இதைவிடப் பெரிய தவறு. 2023-இல் டெக்சாஸில் ஓர் ஆசிரியர் அப்படிக் கேட்டு, அது சொன்னதை நம்பி மாணவர்களின் மதிப்பெண்ணை நிறுத்தி வைத்து, பெரிய சங்கடமாகிவிட்டது. தான் பிறரோடு பேசியதை எல்லாம் அது நினைவில் வைத்துத் தேடிச் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு ஏற்றபடி ஒரு பதிலைச் சொல்லும், அவ்வளவே.

சரி, எங்கள் போட்டிக்கு வருகிறேன். நான் தலைமையாசிரியரிடம் 1991 கடிதத்தைக் காட்டினேன். அவர் அதைப் படித்து, "நீங்க அப்பவே மிஷினுங்களா சார்?" என்று சிரித்தார். பிறகு நாற்பது பிள்ளைகளையும், யாரையும் தனித்துக் காட்டாமல், ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச அழைப்பது என்று முடிவு செய்தோம். கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். உன் கட்டுரையை எப்படி எழுதினாய் என்று தமிழிலேயே சொல்லு, குறிப்பு ஏதும் இருந்தால் கொண்டு வா.

அந்தப் பெண் தன் பாட்டியோடு வந்தாள். "தாத்தா, ஆரம்பமும் முடிவும் எங்க மிஸ் எழுதிக் குடுத்த மாடல். எந்தத் தலைப்பு வந்தாலும் அதைப் போடச் சொல்லுவாங்க. நடுவுல இருக்கறது நான் எழுதினது" என்றாள். ரஃப் நோட்டைக் காட்டினாள். பென்சிலில் தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலச் சொல்லைத் தேடி எழுதி, அடித்துத் திருத்தியிருந்தாள். தைப்பூசத்துக்குத் தருமச்சாலையில் காய் நறுக்கப் போகும் பாட்டிக்கு எந்த அரிவாள்மனை கிடைக்கும் என்பதில் வரும் சண்டையைத் தமிழில் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் அதற்குச் சொல் கிடைக்காமல் விட்டுவிட்டிருந்தாள். வழவழப்பாக இருந்தது அவளுடைய மிஸ் கொடுத்த மாடல். நான் எழுதிய "ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்" மாதிரி.

இன்னொரு மாணவனின் கட்டுரைக்குப் பெட்டி 4 சதவீதம் என்று சொல்லியிருந்தது. நாங்கள் இருவரும் முதல் பரிசுக்கு என்று எடுத்து வைத்திருந்தது அது. அவனால் தன் கட்டுரையின் இரண்டாம் பத்திக்குப் பொருள் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, "அண்ணன் ஃபோன்ல போட்டு எடுத்துக் குடுத்தான் ஐயா, நான் அங்கங்க ஸ்பெல்லிங்கைத் தப்பா மாத்தினேன்" என்றான். அவன் பெயரை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. வேறு தலைப்பில் அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். எழுதினான், பரவாயில்லாமல்தான் எழுதினான்.

அந்தப் பெண்ணுக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுப்பகுதி நன்றாக இருந்தாலும் அவளைவிட நன்றாக எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் "நிராகரிக்கப்பட்டவை" என்ற உறையில் இருந்து அவள் கட்டுரை வெளியே வந்தது. கலந்துகொண்டதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு போனாள். உறைக்குள் இருந்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் கருத்து இதுதான். கண்டுபிடிப்பானை ஒட்டிப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு தணிக்கைக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி, எந்தத் தேதி, எவ்வளவு நீளமான எழுத்து, என்ன எண் வந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள், ஏனென்றால் அடுத்த மாதம் அதே எழுத்துக்கு அதே பெட்டி வேறு எண் சொல்லலாம். பிறகு எழுதியவரைக் கூப்பிட்டு, குற்றம் சாட்டாமல், எப்படி எழுதினாய் என்று கேளுங்கள். கேட்க முடியாத இடத்தில், எழுதியவர் யாரென்றே தெரியாத எழுத்தில், எண்ணை வைத்து ஒரு முடிவும் எடுக்காதீர்கள். விளக்கம் கேட்காமல் தண்டனை இல்லை என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளில் எழுதியவன் நான். அதை நானே மறந்து ஒரு பிள்ளையின் தாளை உறையில் போட்டேன். ஓர் இரவுதான், ஆனாலும் போட்டேன்.

அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன். மேலே எழுதியதை அடித்துவிட்டு "விளக்கம் கேட்க வேண்டியவை" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த தைப்பூசத்துக்கும் அதுவே பயன்படும்.